ஜெர்மன் வங்கி அறிக்கையில் மூன்று தேதிகள்: 23.50 யூரோ கட்டிப் படித்த பாடம்

ஜெர்மனிக்கு வந்ததும் செய்ய வேண்டியவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன். நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். அவர்கள் கொடுக்கும் தாளை வைத்து வங்கிக் கணக்குத் திறங்கள். அட்டையும் ரகசிய எண்ணும் தனித்தனித் தபாலில் வரும், பதறாதீர்கள். வாசல் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டவில்லை என்றால் இரண்டுமே வராது. மாதக் கடைசியில் கணக்கு அறிக்கை வங்கிச் செயலிக்குள் வந்து விழும். நான் எழுத வந்தது அந்த அறிக்கையைப் பற்றித்தான்.

ஊரில் நமக்கு இந்தக் கவலையே இல்லை. கைப்பேசியில் அனுப்பினால் டீக்கடைக்காரரின் ஒலிபெருக்கி அடுத்த நொடியே தொகையைச் சொல்லிவிடும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட்கூட இரவு, பகல், ஞாயிறு என்று பார்க்காமல் ஓடுகிறது. அனுப்பிய நாளும் போய்ச் சேர்ந்த நாளும் ஒன்றுதான் என்று நம் கை பழகிவிட்டது. எனக்குக் கூடுதலாக ஒரு மிதப்பு வேறு. அப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தவர். வங்கித் தாளைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன் அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதிகள் பத்தியாக நிற்கும். Buchungstag என்பது வங்கி தன் ஏட்டில் எழுதிய நாள். பதிவு நாள் என்று வைத்துக்கொள்வோம். Wertstellung என்பது மதிப்பு நாள். சில வங்கிகள் அதையே Valuta என்று அச்சிடுகின்றன. மூன்றாவது தேதிக்குத் தனிப் பத்தி இருக்காது. நீங்கள் கடையில் அட்டையைத் தட்டிய நாளும் நேரமும் விவர வரியில், எண்களின் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். சனிக்கிழமை அரிசி வாங்கினால் விவரத்தில் சனி இருக்கும், பத்திகளில் திங்களோ செவ்வாயோ இருக்கும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் வங்கி பொதுவாக ஏட்டைத் திறப்பதில்லை.

வட்டியைத் தீர்மானிப்பது மதிப்பு நாள். பதிவு நாளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. பெரும்பாலும் இரண்டும் ஒரே தேதியாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. வேறுபடும்போதுதான் தலை சுற்றும்.

அப்படிச் சுற்றியது எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் மதுரைக்காரத் தம்பிக்கு. காப்பீட்டு நிறுவனம் அவருக்கு 1,800 யூரோவுக்கு ஒரு காசோலை அனுப்பியது. இங்கே காசோலையைப் பார்ப்பதே அபூர்வம். 2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை அதை வங்கியில் போட்டார். அதற்கு முன் கணக்கில் இருந்தது 150 யூரோ. அன்றே 1,950 யூரோ என்று செயலி காட்டியது. மறுநாள் புதன்கிழமை வீட்டு வாடகை 950 போனது, மீதி 1,000. எந்த நாளிலும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் ஜூன் கடைசியில் ஓவர்டிராஃப்ட் வட்டி என்று 49 சென்ட் பிடித்திருந்தார்கள்.

"அண்ணே, கணக்கில் ஆயிரம் யூரோ இருக்கும்போது கடன் வட்டி எப்படி வரும்? திருட்டு இல்லையா இது?" என்று அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார்.

திருட்டு இல்லை. காசோலை வரியில் பதிவு நாள் 4, மதிப்பு நாள் 7. பணம் உண்மையில் வந்தால் சரி என்ற நிபந்தனையோடு வங்கி முன்கூட்டியே எழுதி வைத்த வரவு அது. வட்டிக் கணக்குக்கு அந்த 1,800 வெள்ளிக்கிழமைதான் பிறக்கிறது. வாடகையோ புதன்கிழமையே மதிப்போடு வெளியேறிவிட்டது. ஆக, 5, 6 ஆகிய இரண்டு நாட்களும் அவர் 800 யூரோ கடனில் இருந்தார். அவருடைய வங்கியின் வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம். ஆண்டுக்கு 360 நாள் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு நாளுக்கு 49 சென்ட் சரியாக வருகிறது. பேனாவை வைத்து அவர் கண் முன்னால் போட்டுக் காட்டினேன். எழுதிய நாள் வேறு, காசு வேலைக்குச் சேர்ந்த நாள் வேறு என்று அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. தம்பி இரண்டாம் காபி கேட்டார்.

காசோலைக்கு மட்டும்தான் வங்கிக்கு இந்த வசதி. பணமாற்றம் உங்கள் வங்கிக்கு எந்த வேலைநாளில் வந்து சேர்கிறதோ, அந்த நாளையே மதிப்பு நாளாகத் தர வேண்டும் என்பது சட்டம். நோட்டாகக் கட்டினால் கட்டிய கணத்திலிருந்தே மதிப்பு. முன்பெல்லாம் நோட்டுக்கும் ஒரு நாள் தள்ளி மதிப்பு போட்டு வங்கிகள் வட்டி பார்த்தன. 1989இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆகவே சம்பள வரியிலோ ரொக்க வரியிலோ மதிப்பு நாள் பின்தள்ளி இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

49 சென்ட் கதையைத் தம்பிக்கு விளக்கிய நான்தான், அதற்கு மூன்று மாதம் முன்பு 23.50 யூரோவைக் கோட்டை விட்டிருந்தேன். வெட்கத்தில் அன்று அவரிடம் சொல்லவில்லை.

வேலைக்கு வெளியே சின்னதாக ஒரு தொழிலும் செய்வதால் எனக்கு வருமான வரி பாக்கி வரும். அந்த வருடம் 2,370 யூரோ. கெடு 2024 மார்ச் 25, திங்கட்கிழமை. இங்கே பணமாற்றத்துக்கு மூன்று நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் வந்தால் தாமதக் கட்டணம் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. வியாழன் வரை நேரம் இருக்கிறதே என்று புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டே கைப்பேசியில் பணத்தை அனுப்பினேன். வெற்றி என்று பச்சைக் குறி வந்தது. அறிக்கையில் பதிவு நாள் 28, மதிப்பு நாள் 28. இரண்டும் வியாழன், இரண்டும் சலுகைக் காலத்துக்குள். நிம்மதியாகக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தாமதக் கட்டணம் 23.50.

அறிக்கையை அச்செடுத்து, மதிப்பு நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, கோபமாக ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளை, அனுப்புவதற்கு முன் சட்டத்தைப் படித்தேன். பணமாற்றமாகக் கட்டும் வரி, வரி அலுவலகத்தின் கணக்கில் வரவு வைக்கப்படும் நாளில்தான் கட்டியதாகக் கொள்ளப்படும். நான் வட்டமிட்டதோ என் கணக்கிலிருந்து பணம் கிளம்பிய நாள். அபராதத்தைத் தீர்மானிக்கும் தேதி எதிராளியின் அறிக்கையில் இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

நடந்தது இதுதான். வங்கி ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் வரைதான் அன்றைய உத்தரவாக ஏற்கும். புதன் இரவு ஒன்பது மணி அதைத் தாண்டியது. ஆகவே என் உத்தரவு வியாழன் வந்ததாகக் கணக்கு. அதற்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் பெறுபவரின் வங்கியில் சேர்த்தால் என் வங்கியின் கடமை முடிந்தது. மார்ச் 29 புனித வெள்ளி. பிறகு சனி, ஞாயிறு. ஏப்ரல் 1 ஈஸ்டர் திங்கள். அடுத்த வேலைநாள் ஏப்ரல் 2, செவ்வாய். பணம் அன்றுதான் சேர்ந்தது. சலுகைக் காலம் விடுமுறையில் முடிந்தால் அடுத்த வேலைநாளுக்கு நீளும். என்னுடையது வியாழனிலேயே முடிந்துவிட்டதால் அதுவும் கை கொடுக்கவில்லை.

கட்டணம் நாள் கணக்கில் ஏறுவதில்லை என்பதுதான் கடுப்பு. பாக்கியை ஐம்பதின் மடங்காகக் கீழே இறக்குவார்கள், 2,370 என்பது 2,350 ஆகும். தொடங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் அதில் ஒரு சதவீதம். ஒரு நாள் தாமதித்தாலும் முழு மாதம்தான்.

தள்ளுபடி கேட்டும் எழுதினேன். இதுவரை ஒழுங்காகக் கட்டியவர் ஒரு முறை கவனக்குறைவாகத் தவறினால் தள்ளுபடி செய்யலாம் என்ற விதி இருக்கிறது. ஆனால் எப்போதும் சலுகைக் காலத்தை உரசிக்கொண்டே கட்டுபவர் அந்த விதியில் ஒழுங்கானவர் ஆகமாட்டார். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் நான் கட்ட வேண்டிய முன்வரியை 12, 13 என்றே கட்டியிருந்தேன். அவர்களிடம் எல்லாத் தேதியும் இருந்தது. பதில் ஒரே பக்கம், மறுப்பு.

இதைப் படித்துவிட்டு வாடகைக்கும் இப்படியோ என்று பயந்துவிடாதீர்கள். வாடகையை மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் கட்ட வேண்டும்; அதில் சனிக்கிழமை சேராது. ஆனால் கணக்கில் பணம் இருந்து, அந்த நாளுக்குள் நீங்கள் உத்தரவு கொடுத்துவிட்டால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. வங்கி எடுத்துக்கொள்ளும் நேரம் உங்கள் தலையில் விழாது. அங்கே நீங்கள் உத்தரவு கொடுத்த நாளே உங்களைக் காப்பாற்றும். அதற்குச் சாட்சி செயலி தரும் ரசீது. அதைச் சேமித்து வையுங்கள். வீட்டுக்காரர் தன் அறிக்கையைக் காட்டி முறைத்தால் இந்த ரசீதைக் காட்டலாம்.

2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் பத்து நொடிப் பணமாற்றத்தைச் சாதாரணக் கட்டணத்துக்கு மேல் வாங்காமல் தர வேண்டும். பெறும் கணக்கு அதை ஏற்றால், அவசரத்துக்கு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வரிக்கு மட்டும் நான் அதையும் நம்புவதில்லை. வரி அலுவலகமே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் SEPA-Lastschriftmandat என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அனுமதி இருந்தால் அவர்கள் எப்போது எடுத்தாலும் கெடு நாளிலேயே கட்டியதாகக் கணக்கு. கணக்கில் பணம் வைத்திருப்பது மட்டும் நம் வேலை. 2024 டிசம்பர் 10இல் கட்ட வேண்டிய முன்வரியை அவர்கள் 12ஆம் தேதிதான் எடுத்தார்கள். கடிதம் எதுவும் வரவில்லை.