பெட்ரோல் ஸ்கூட்டரா, மின்சார ஸ்கூட்டரா? கடைக்காரரின் கிலோமீட்டர் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷோரூமில் சொல்லும் கணக்கு மிகவும் சுருக்கமானது. பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய், மின்சார வண்டிக்கு இருபத்தைந்து காசு. மளிகைக் கடை வைத்திருப்பவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு உடனே முன்பணம் கட்டிவிடுவார். அந்த இரண்டு எண்களும் அவருடைய வண்டிக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் அது எரிபொருள் செலவு மட்டும்தான், வண்டிச் செலவு ஆகாது.

ஈரோட்டில் ஒரு சின்ன மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். காலையில் மார்க்கெட், மதியம் மொத்த வியாபாரி, மாலையில் வீட்டு டெலிவரி என்று தினமும் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. ஞாயிறு விடுமுறை போக மாதம் 1000 கிலோமீட்டர்.

முதல் தவறு, நிறுவனம் சொல்லும் மைலேஜை எடுத்துக்கொள்வது. அந்த எண் ஒற்றை ஆள், காலி ஃபுட்போர்டு, சீரான ஓட்டத்துக்கானது. காலடியில் ஒரு சர்க்கரை மூட்டை, பின்னால் எண்ணெய் டின்கள், இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி எடுப்பது என்றால் 110 சிசி ஸ்கூட்டர் 50 கொடுக்காது, நாற்பதை ஒட்டித்தான் கொடுக்கும். அளந்து பார்ப்பது சுலபம். ஃபுல் டேங்க் போட்டு, பம்பில் நாசில் தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வழக்கமான சரக்கோடு ஓட்டிவிட்டு அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் மைலேஜ் வந்துவிடும். நம் கடைக்காரருக்கு 42 வந்தது என்போம். லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2.40, மாதம் 2400 ரூபாய்.

மின்சார வண்டியிலும் இதே ஏமாற்றம் உண்டு, ஆனால் கண்ணில் படாது. வண்டித் திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியே போன மின்சாரம். ப்ளக்கிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் சார்ஜரும் பேட்டரியும் சூடாகி, பத்து முதல் பதினைந்து சதவீதம் வீணாகிவிடும். கரண்ட் பில் ப்ளக்கில் எடுத்ததற்குத்தான் வரும். சரக்கோடு 1000 கிலோமீட்டர் ஓட்ட பேட்டரி 35 யூனிட் கொடுத்தால், சுவரிலிருந்து 40 யூனிட் எடுத்திருக்கும். ப்ளக்கில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் சந்தேகமே இருக்காது.

அந்த 40 யூனிட்டுக்கு என்ன விலை போடுவது? இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி மூன்று ரூபாய் என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஸ்கூட்டரின் யூனிட்டுகள் ஏற்கெனவே இருக்கும் உபயோகத்தின் தலைமேல் போய் உட்காருகின்றன. அதனால் அவற்றுக்குக் கடைசிப் படியின் விலைதான், சராசரி விலை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். நம் கடைக்காரர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் ஓடுகிறது. ஸ்கூட்டர் 80 சேர்த்தால் 540. 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி பார்த்தால், இந்த 80 யூனிட்டுக்காக மட்டும் பில் எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஏறுகிறது, அதாவது யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல். கடையிலேயே சார்ஜ் போட்டாலும் பெரிய லாபமில்லை. வணிக இணைப்பில் 100 யூனிட்டைத் தாண்டும் கடைக்கு யூனிட் பத்து ரூபாயை ஒட்டித்தான் வரும். ஆக மாதம் 400 ரூபாய், கிலோமீட்டருக்கு 40 காசு. இருபத்தைந்து இல்லை என்றாலும், 2.40-க்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லைதான்.

சரி, அப்படியானால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் லாபம் என்று எழுதிவிடலாமா? முடியாது. வண்டியின் விலை இன்னும் கணக்கில் வரவில்லை.

இதில் பெரும்பாலானவர்கள் மாதத் தவணையைச் செலவாக எழுதுவார்கள். தவணை மூன்று வருடத்தில் முடிந்துவிடும், வண்டி அதற்குப் பிறகும் ஓடும், விற்றால் கொஞ்சம் பணமும் திரும்பும். செலவு என்பது வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம், கூடவே வட்டி. பெட்ரோல் வண்டி ஒரு லட்சத்துக்கு வாங்கி, ஐந்து வருடம் கழித்து 40,000-க்குப் போகிறது என்று வைத்தால் மாதத் தேய்வு 1000 ரூபாய். மின்சார வண்டி 1,30,000-க்கு வாங்கி 25,000-க்குத்தான் போகும் என்று கொஞ்சம் கறாராகவே வைத்தால் 1750. ஏன் அவ்வளவு குறைவு என்றால், வாங்குகிறவர் பேட்டரியை நினைத்துப் பயந்து விலையைக் குறைத்துக் கேட்பார்.

அந்தப் பயத்தை நீங்களே இன்னொரு முறை கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். விற்பனை விலையைப் பேட்டரிக்காகக் குறைத்துப் போட்டுவிட்டு, தனியாகப் புதுப் பேட்டரிச் செலவையும் எழுதினால் ஒரே நஷ்டம் இரண்டு தடவை வந்துவிடும். அப்புறம், உத்தரவாதத்தை வருடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. மாதம் 1000 ஓட்டுபவருக்கு அது இரண்டரை வருட உத்தரவாதம்தான். இவர் மாதிரி ஓட்டுகிறவர்கள் கூடுதல் பணம் கட்டியாவது 80,000 கிலோமீட்டர் வரை வாங்குவது நல்லது. அந்தப் பணத்தை வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டிக்கும் தலா 20,000 முன்பணம் போக மீதிக்கு 11 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் என்றால், வட்டியை ஐந்து வருடத்துக்குப் பரப்பிப் பார்க்கும்போது பெட்ரோலுக்கு மாதம் 240, மின்சாரத்துக்கு 330. ஆயில், பெல்ட், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து பெட்ரோலுக்கு 750. மின்சார வண்டிக்கு ஆயில் இல்லை, ஆனால் பிரேக்கும் டயரும் உண்டு, அதற்கு 550. இப்போது கூட்டினால் பெட்ரோல் 4390, மின்சாரம் 3030. கிலோமீட்டருக்கு 4.39-ம் 3.03-ம். லாபம் உண்மைதான், ஆனால் இரண்டு ரூபாய் இல்லை, 1.36.

இந்த எண்ணை அப்படியே பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோவதுதான் பெரிய தவறு. அங்கே ஃபேன்சி ஸ்டோர், மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டம். பெட்ரோல் 960 ஆகக் குறையும், கரண்ட் 100 ஆகக் குறையும், ஏனென்றால் இவர் வீட்டிலும் அதே 460 யூனிட் என்று வைத்தால், ஸ்கூட்டர் சேர்ந்தும் 500-ஐத் தாண்டாது. சர்வீஸ், டயர் வகையறா 450-ம் 350-மாக இறங்கும். தேய்வும் வட்டியும் மட்டும் அசையாது. கூட்டிப் பார்த்தால் பெட்ரோல் 6.63, மின்சாரம் 6.33. விற்பனை விலையில் ஒரு பத்தாயிரம் இப்படி அப்படிப் போனால் அந்த முப்பது காசும் காணாமல் போகும்.

அவரிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் இருந்தால் கதையே வேறு. அதற்கு அன்று கொடுத்த விலையை இன்று சேர்க்கக் கூடாது, இனி விழப்போகும் மதிப்பு மட்டும்தான் கணக்கு. அதை மாதம் 400 என்றும், சர்வீஸ் வகையறாவைத் தாராளமாக 600 என்றும் போட்டாலும் மொத்தம் 1960, கிலோமீட்டருக்கு 4.90. இந்த ஓட்டத்துக்குப் பழைய வண்டியை வைத்து ஓட்டுவதுதான் மலிவு. என்ஜின் வேலை என்று மெக்கானிக் பெரிய தொகை சொல்லும் நாளிலோ, டெலிவரி கூடி மாத ஓட்டம் எழுநூறு எண்ணூறைத் தொடும்போதோ மறுபடி கணக்குப் போட்டால் போதும்.