கம்பி ஷாப் டிராயிங்கில் லேப்பைச் சரிபார்ப்பது எப்படி?

ஒப்பந்ததாரர் அனுப்பிய கம்பி ஷாப் டிராயிங்கைத் திறந்ததும் கம்பிகளை எண்ண உட்கார்ந்துவிடாதீர்கள். எந்தத் திருத்த எண்ணுள்ள வடிவமைப்பு வரைபடத்தை வைத்து வரைந்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பழைய திருத்தம் என்றால் மேற்கொண்டு பார்ப்பது வீண்வேலை. அதை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

எண்ணிக்கையும் விட்டமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு ஒளிந்திருப்பது லேப், அதாவது ஒரு கம்பி முடிந்து அடுத்தது அதனோடு சேர்ந்து ஓடும் இணைப்பு, விழும் இடத்தில்தான். 6 மீட்டர் இடைவெளியில் தூண்கள் உள்ள ஒரு தொடர் பீமை எடுத்துக்கொள்வோம். அகலம் 300 மி.மீ., பயனுறு ஆழம் 550 மி.மீ., மேலே நான்கு 20 மி.மீ. கம்பிகள். வடிவமைப்பாளர் கேட்ட லேப் 1000 மி.மீ.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. வெட்டுக்கழிவு வேண்டாம் என்று ஒப்பந்ததாரர் முழுக் கம்பியையே போடுகிறார். வெளித்தூணில் மடக்கிய நீளம் போக, மறுமுனை மூன்றாவது தூணின் முகத்துக்கு அரை மீட்டர் முன்னால் முடிகிறது. அங்கிருந்து பின்னோக்கி ஒரு மீட்டர் லேப், நான்கு கம்பிகளுக்கும் ஒரே இடத்தில்.

மேல்கம்பிக்கு இழுவிசை அதிகம் வருவது தூண் முகத்தருகே. நிலநடுக்கத்தில் கம்பி இளகி நீள வேண்டிய இடமும் அதுவே. ஆகவே நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13920, தூண் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தின் இரு மடங்குக்குள், இங்கே 1100 மி.மீ.க்குள், லேப்பை அனுமதிப்பதில்லை. ஒரே வெட்டில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் செய்யவும் கூடாது. இந்த வரைபடம் இரண்டையும் மீறுகிறது.

இதற்கு "லேப் சரியில்லை, திருத்தவும்" என்று எழுதினால் வேறொரு தவறான இடத்துக்கு நகர்த்தி அனுப்புவார்கள். இடம், குறை, ஆதாரம், தேவை நான்கும் குறிப்பில் இருக்கட்டும்:

"தாள் 4, பீம் பி3, கம்பி குறி 07: மேல்கம்பி லேப் தூண் முகத்திலிருந்து 1100 மி.மீ.க்குள் வருகிறது, நான்கும் ஒரே வெட்டில் உள்ளன. ஐ.எஸ். 13920க்கு முரண். நடு இடைவெளிக்கு மாற்றவும். இரண்டிரண்டாக, லேப் மையங்களிடையே குறைந்தது 1300 மி.மீ. விட்டு அமைக்கவும்."

வெட்டு நீளத்தை நீங்கள் கணக்கிட்டுக் கொடுக்காதீர்கள். அது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. வடிவமைப்பையே மாற்ற நினைத்தால் அதைக் குறிப்புக்குள் நுழைக்காமல், திருத்திய வடிவமைப்பு வரைபடமாக வெளியிடுங்கள்.

முத்திரை இடும்போது "குறிப்புகளுடன் ஏற்கப்பட்டது" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அதைப் பார்த்ததும் பழைய அட்டவணைப்படியே கம்பி வெட்டத் தொடங்கிவிடுவார்கள். லேப் நகர்ந்தால் வெட்டு நீளம் எல்லாமே மாறும் என்பதால் "திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்பதே சரி.

திரும்பி வரும் வரைபடத்தில், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களையும் பாருங்கள். நடுப்பகுதியில் 200 மி.மீ. இடைவெளி போதுமானதாக இருந்திருக்கலாம். இப்போது லேப் அங்கே வந்துவிட்டதால், அதன் முழு நீளத்துக்கும் வளையங்கள் 150 மி.மீ.க்கு மிகாமல் நெருங்கியிருக்க வேண்டும்.