மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு வாங்குகிறீர்களா? கதவிலிருந்து தொடங்குங்கள்

பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் சென்ற கோடையில் தாமிரக் கேபிளைத் திருடிச் சென்றார்கள். கதவோரம் கிடந்த பூட்டை எடுத்துச் சாவியைப் போட்டுப் பார்த்தேன், சுலபமாகத் திரும்பியது. உள்ளே எதுவும் கெடவில்லை. வளைந்த கம்பியை மட்டும் இரண்டு இடத்தில் கத்தரித்திருந்தார்கள். ஏழு லீவர் பூட்டு என்று கேட்டு வாங்கியது அது. லீவர்களின் எண்ணிக்கை கள்ளச் சாவிக்குத்தான் தடை. கொட்டகைக்கு வருகிறவன் கட்டரோடு வருகிறான்.

ஆகவே முதல் வேலையாக, கடைக்குப் போகுமுன் நாதாங்கியைப் பாருங்கள். கதவை மூடிய நிலையில் அதன் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தால், திருப்புளி ஒன்றே போதும். பூட்டைத் தொடவே வேண்டாம். மடிந்து விழும் தகடு திருகாணிகளை மறைக்கும் வகை நாதாங்கியை வாங்கி, கதவை ஊடுருவும் போல்ட் போட்டு, நட்டை உட்பக்கம் முடுக்குங்கள். இரும்புக் கதவாக இருந்தால் வெல்டிங் வைத்துவிடலாம்.

அடுத்து, நான் இடறிய இடம். திருட்டுக்குப் பிறகு ஆத்திரத்தில் 12 மி.மீ. கம்பியுள்ள பெரிய பூட்டை வாங்கி வந்தேன். நாதாங்கியின் துளைக்குள் அது நுழையவில்லை. துளையை அரத்தால் அகலப்படுத்தினேன். ஓரத்தில் மிஞ்சிய இரும்பு மெலிந்து, கையால் வளைக்கிற நிலைக்கு வந்துவிட்டது. அந்த நாதாங்கியையும் மாற்ற வேண்டியதாயிற்று. துளையை முதலில் அளந்துகொள்ளுங்கள். அளவுகோல் சரிப்படாது; ஒரு டிரில் பிட்டை நுழைத்துப் பாருங்கள். 10 மி.மீ. பிட் தளர்வாக நுழைந்தால் 10 மி.மீ. கம்பிப் பூட்டு பொருந்தும். கம்பியின் உயரத்தையும் கவனியுங்கள். பூட்டிய பின் கம்பிக்கும் நாதாங்கிக்கும் நடுவே இடைவெளி மிகுந்தால், கட்டரின் வாயோ கடப்பாரையின் முனையோ அங்கே நுழைந்துவிடும். பூட்டு நாதாங்கியை ஒட்டி உட்கார வேண்டும்.

பொருளுக்கு வருவோம். கம்பி கடினமாக்கப்பட்ட எஃகாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அதன் மேலேயே 'HARDENED' என்று பொறித்திருப்பார்கள். பொறிப்பில் சந்தேகம் இருந்தால், வாங்கிய பின் கம்பியின் ஓரத்தில் அரத்தை லேசாக உரசுங்கள்: கடின எஃகில் அரம் வழுக்கும், சாதாரண இரும்பில் கடித்துத் துகள் உதிர்க்கும். உடல் பித்தளை என்றால் துருப் பிடிக்காது. காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஆனால் துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கம் ஊசியால் கீறினால் மஞ்சளுக்குக் கீழே வெண்சாம்பல் நிறம் தெரியும்.

உள்ளமைப்பில் நான் லீவர் பூட்டின் பக்கம். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் அது திறக்கும். 'பின்' வகைப் பூட்டில் நுண்ணிய ஊசிகளும் சுருள்வில்களும் இருக்கின்றன. புழுதி பறக்கும் எங்கள் தோட்டத்தில் அவை சீக்கிரம் இறுகிவிடுகின்றன. எதை வாங்கினாலும், கம்பியின் இரு கால்களும் உள்ளே பிடிபடுகின்றனவா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரு கால் மட்டும் பிடிபட்டால், அந்த ஒரு பக்கத்தை வெட்டியதும் கம்பி சுழன்று திறந்துகொள்ளும். எங்களுடையதில் இரண்டு கால்களும் பிடிபட்டிருந்தன. அதனால்தான் அவர்கள் இரண்டு வெட்டு வெட்ட வேண்டியிருந்தது.

பாதுகாப்புத் தரத்தைப் பார்க்கும்போது அட்டையில் 'EN 12320' என்ற எண்ணைத் தேடுங்கள். பூட்டுகளுக்கான இந்த ஐரோப்பியத் தரத்தில் 1 முதல் 6 வரை படிகள் உண்டு; எண் கூடக் கூட வலு கூடும். வெட்டுவது, இழுப்பது, முறுக்குவது எல்லாம் அதன் சோதனையில் அடங்கும். சில நிறுவனங்கள் பத்துக்கு எட்டு என்று தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்கின்றன. ஒன்றின் எட்டை இன்னொன்றின் எட்டோடு ஒப்பிட முடியாது. கொட்டகைக்கு 3ஆம் படி போதும் என்பது என் கணிப்பு. மின்சார கிரைண்டரின் முன் எந்தப் படியும் நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அதன் சத்தம் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்பதே அங்கே கேள்வி.

பிற்சேர்க்கை: இதைப் படித்த காவேரிப்பட்டணம் வாசகர் ஒருவர், தம் மாங்காய்க் கிடங்குப் பூட்டு மூன்றே மாதத்தில் இறுகிவிட்டதாக எழுதியிருந்தார். விசாரித்தபோது, வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். எண்ணெய் புழுதியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். பூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாவியைப் பலமுறை திருப்பி அழுக்கை வெளியேற்றி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, சாவித்துளையில் சிறிது கிராஃபைட் தூளை ஊதச் சொன்னேன். பூட்டு இப்போது ஒரே திருப்பலில் திறக்கிறதாம்.