கெடு எந்த நாளிலிருந்து?

மலாய் அரசு நோட்டிஸைத் தமிழாக்கும்போது, கெடு எவ்வளவு என்பதோடு எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். மலேசியாவில் நில வரி பாக்கிக்கு வரும் நோட்டிஸான 6ஏ பாரம் தரும் கெடு, அதைச் சேர்ப்பித்த நாளிலிருந்து 3 மாதம். மேலே அச்சடித்த தேதியிலிருந்து அல்ல.

அந்த நாளைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'தாரிக் பெஞாம்பாயான்' என்பதை 'கையில் கிடைத்த நாள்' என்று எளிமையாக்கினால் பொருளே பிசகும். ஆள் கிடைக்காதபோது நிலத்தில் ஒட்டுவதுகூடச் சட்டப்படி சேர்ப்பித்ததாகலாம். 'சட்டப்படி சேர்ப்பித்த நாள்' என்று எழுதி, மலாய்ச் சொல்லையும் பக்கத்திலேயே வையுங்கள். தோட்டத்துப் பெரியவர் நில அலுவலகக் கவுண்டரில் அதைக் காட்டி, "இது எந்தத் தேதி?" என்று கேட்க முடியும்.

'ஜூன் 30க்குள்' என்று நோட்டிஸிலேயே தேதி இருந்தால் இது வேண்டாம். அந்தத் தேதியை அப்படியே எழுதுங்கள்.