நாகம்–செம்புக் கலம்: செறிவு 1 mol dm⁻³ இல்லாவிட்டால் வோல்ற்றளவைக் கணிப்பது எப்படி?

நாகமும் செம்பும் சேர்ந்த கலம் என்றதும் 1.10 வோல்ற்று என்று விடை வந்துவிடும். ஆனால் அந்த எண் நியம நிலைக்குத் தரப்பட்டது: இரண்டு கரைசல்களிலும் அயன் செறிவு 1 mol dm⁻³ ஆகவும் வெப்பநிலை 25 °C ஆகவும் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் கையில் இருப்பது பெரும்பாலும் 0.10 அல்லது 0.010 செறிவுள்ள கரைசல்தான். அந்த நிலையில் பயன்படுவது, வால்தர் நேர்ன்ஸ்ற் 1889இல் வெளியிட்ட சமன்பாடு.

இதைக் கலம் முழுவதற்கும் ஒரே வரியில் எழுதலாம். புதிதாகப் படிப்பவர்கள் அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு மின்வாய்க்கும் தனித்தனியாகக் கணித்து, கடைசியில் கழிப்பதே நல்லது. சமன்பாடு இரண்டு முறை எழுத வேண்டியிருந்தாலும், எந்தச் செறிவு மேலே, எது கீழே என்ற குழப்பமே வராது.

படி 1: இரண்டு மின்வாய்களையும் தாழ்த்தலாக எழுதுங்கள்

```
Zn²⁺ + 2e → Zn     E° = −0.76 V
Cu²⁺ + 2e → Cu     E° = +0.34 V
```

கலத்தில் நாகம் ஒட்சியேறுகிறது என்பது உண்மைதான். அதற்காக அந்தத் தாக்கத்தைத் திருப்பி எழுதிக் குறியை மாற்ற வேண்டாம். நியம மின்வாய் அழுத்தங்கள் எல்லாம் தாழ்த்தலுக்கே தரப்பட்டிருக்கின்றன, கணிப்பு முடியும்வரை அதையே பின்பற்றுங்கள். ஒட்சியேற்றம் எங்கே நடக்கிறது என்பதைக் கடைசிக் கழித்தல் பார்த்துக்கொள்ளும்.

படி 2: மின்வாய்ச் சமன்பாடு

25 °Cஇல், இரண்டு இலத்திரன்களை ஏற்கும் எந்த உலோக அயனுக்கும் இதுதான்:

```
E = E° + 0.0296 × log [M²⁺]
```

0.0296 எங்கிருந்து வந்தது? 2.303RT/nF என்பதில் R = 8.314, T = 298, n = 2, F = 96485 என்று போட்டால் கிடைப்பது அது. 2.303 என்ற பெருக்கம் இயற்கை மடக்கையைப் பத்தின் அடி மடக்கையாக மாற்றுவதற்கு. உலோகத் தகடு திண்மம் என்பதால் சமன்பாட்டில் இடம்பெறாது. தகடு பெரிதா சிறிதா, எவ்வளவு கனம் என்பதெல்லாம் வோல்ற்றளவை மாற்றுவதில்லை.

சமன்பாட்டில் கூட்டல் குறி ஏன் என்பதை ஒருமுறை யோசித்துவிட்டால் பிறகு மறக்காது. கரைசலில் அயன் அதிகமாக இருந்தால் இலத்திரனை ஏற்று உலோகமாகப் படியும் போக்கு கூடும், அழுத்தம் நேர்ப்பக்கம் நகரும். அயன் குறைந்தால் மறைப்பக்கம் நகரும். செறிவு 1ஐ விடக் குறைந்தால் அதன் மடக்கை மறை எண் என்பதால் இது தானாகவே நடக்கிறது. செறிவு பத்து மடங்கு மாறினால் அழுத்தம் 0.0296 வோல்ற்று, அதாவது ஏறத்தாழ 30 மில்லிவோல்ற்று மாறும். இரண்டு மடங்கு மாறினால் வெறும் 9 மில்லிவோல்ற்று.

படி 3: ஒரு கணக்கு

நாக சல்பேற்றுக் கரைசல் 0.10 mol dm⁻³, செப்புச் சல்பேற்றுக் கரைசல் 0.0010 mol dm⁻³ என்று எடுத்துக்கொள்வோம்.

```
E(Cu)  =  0.34 + 0.0296 × log(0.0010)
       =  0.34 + 0.0296 × (−3)  =  0.2512 V

E(Zn)  = −0.76 + 0.0296 × log(0.10)
       = −0.76 + 0.0296 × (−1)  = −0.7896 V

E(கலம்) = E(Cu) − E(Zn)
        = 0.2512 − (−0.7896)  =  1.0408 V
```

விடை 1.04 வோல்ற்று. ஒரே வரிச் சமன்பாட்டாலும் சரிபார்க்கலாம்:

```
E(கலம்) = 1.10 − 0.0296 × log([Zn²⁺]/[Cu²⁺])
        = 1.10 − 0.0296 × log(100)  =  1.0408 V
```

இதே கணக்கில் வேறு விடை வந்தால், எங்கே பிழைத்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். 1.16 வந்திருந்தால் செறிவு விகிதம் தலைகீழாகிவிட்டது. 0.98 வந்திருந்தால் n = 2 என்பதை மறந்து 0.0592ஐப் போட்டிருக்கிறீர்கள். 0.96 வந்திருந்தால் கல்குலேற்றரில் log அழுத்த வேண்டிய இடத்தில் ln அழுத்தப்பட்டிருக்கிறது. மைனஸ் எண்ணைக் கழிக்கும்போது அடைப்புக்குறியை விட்டுவிட்டால் −0.54 வரும். நாகமும் செம்பும் உள்ள கலத்தில் அப்படி ஒரு விடைக்கு இடமே இல்லை. வோல்ற்றளவு பூச்சியமாவதற்கே நாக அயன் செறிவு செப்பு அயன் செறிவைப்போல் 10³⁷ மடங்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று: இரண்டு கரைசல்களும் ஒரே செறிவாக இருந்தால், அது 1 ஆனாலும் 0.10 ஆனாலும், விகிதம் 1, மடக்கை 0, விடை மறுபடியும் 1.10 வோல்ற்றுதான். "செறிவு குறைந்தால் வோல்ற்றளவு குறையும்" என்று பொதுவாகச் சொல்வது ஆகவே தவறு. எந்தக் கரைசலின் செறிவு என்று கேட்க வேண்டும். நாகப் பக்கத்தை மட்டும் ஐதாக்கினால் வோல்ற்றளவு கூடும்.

25 °C என்பது கொழும்பில் குளிரூட்டிய அறையின் வெப்பநிலை. மின்விசிறி மட்டும் ஓடும் ஆய்வுகூடத்தில் 30 °C என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது 0.0296க்குப் பதில் 0.0301 வரும். மேலே உள்ள கணக்கில் அதனால் ஏற்படும் வித்தியாசம் 1 மில்லிவோல்ற்று. நியம அழுத்தமும் சிறிது மாறும், அது அரை மில்லிவோல்ற்று அளவுதான். அளவீடு எதிர்பார்த்ததற்கு 20 மில்லிவோல்ற்று விலகியிருந்தால் கொழும்பு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

படி 4: அளந்து பார்ப்பது

100 மில்லிலீற்றர் 0.10 mol dm⁻³ கரைசலுக்கு நீலச் செப்புச் சல்பேற்றுப் பளிங்கு (CuSO₄·5H₂O) 2.50 கிராம், நாக சல்பேற்றுப் பளிங்கு (ZnSO₄·7H₂O) 2.88 கிராம் வேண்டும். பளிங்கில் உள்ள நீரைச் சேர்க்காமல் நிறையைக் கணித்தால் செறிவு குறைந்துவிடும். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் செப்புக் கரைசல் கலங்கக்கூடும், காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் போதும், அமிலம் கலந்த போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள்.

செப்புக் கரைசலில் 10 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து 100 ஆக்கினால் 0.010. அதிலிருந்து மறுபடி 10 எடுத்து 100 ஆக்கினால் 0.0010. இரண்டு தகடுகளையும் பளபளப்பு வரும்வரை சாண்ட்பேப்பரால் தேய்த்துக் கழுவுங்கள். நாகத்தின் மேல் உள்ள ஒட்சைட்டுப் படலம் அளவீட்டை நிலையில்லாமல் ஆக்கும். தகரத்தில் பூசிய நாகத்தைப் பயன்படுத்துவதானால் அதிகம் தேய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் இரும்பு வெளிப்பட்டால் நீங்கள் அளப்பது நாகத்தின் அழுத்தமாக இருக்காது.

உப்புப் பாலத்துக்குப் பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலில் நனைத்த வடிதாள் நாடா போதும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது நாடா போடுங்கள். செப்புக் கரைசல் பாலத்தின் வழியாக நாகப் பக்கம் போய்ச் சேர்ந்தால் நாகத் தகட்டில் கறுப்பாகச் செம்பு படியும். அப்படிப் படிந்த தகட்டை மறுபடி தேய்க்காமல் பயன்படுத்த முடியாது.

மல்ரிமீற்றரை 2000 மில்லிவோல்ற்று வீச்சில் வையுங்கள். 20 வோல்ற்று வீச்சில் 10 மில்லிவோல்ற்றுக்குக் கீழே எதுவும் தெரியாது. பழைய ஊசி வகை வோல்ற்றுமானி கலத்திலிருந்து மின்னோட்டத்தை இழுப்பதால் குறைவாகக் காட்டும். சிவப்பு வயர் செம்புக்கு. மாறிப் போனால் மைனஸ் வரும், வேறு பாதிப்பு இல்லை.

படி 5: கணக்குக்கும் மீற்றருக்கும் ஏன் ஒத்துவரவில்லை?

செப்புக் கரைசலை 0.10இலிருந்து 0.010 ஆக ஐதாக்கினால் 30 மில்லிவோல்ற்று குறைய வேண்டும். மீற்றரில் 17 அல்லது 18தான் குறையும். பலர் இந்த இடத்தில் தங்கள் கரைசலைச் சந்தேகித்து மறுபடி நிறுக்கத் தொடங்குகிறார்கள். தவறு நிறையில் இல்லை. இரட்டை ஏற்றமுள்ள செப்பு அயனும் சல்பேற்று அயனும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால், 0.10 கரைசலில் உள்ள அயன்கள் மின்வாயில் ஏறத்தாழ 0.015 செறிவு போலத்தான் நடந்துகொள்கின்றன. ஐதாக்கும்போது அந்த இழுபறியும் தளர்கிறது. 0.010 கரைசல் 0.004 போல நடந்துகொள்கிறது. ஆகவே உண்மையான வீழ்ச்சி பத்து மடங்கு இல்லை, நான்கு மடங்குக்குக் கிட்டத்தான்.

இதற்குப் பரிகாரம், எல்லாக் கரைசல்களிலும் அயன்களின் கூட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பது. காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக 1 mol dm⁻³ பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலில் (100 மில்லிலீற்றருக்கு 10.1 கிராம்) செப்புச் சல்பேற்றைக் கரைத்து, அதே கரைசலாலேயே ஐதாக்குங்கள். நாகக் கரைசலையும் அதிலேயே தயாரியுங்கள். இழுபறி எல்லாப் போத்தல்களிலும் ஏறத்தாழ ஒரே அளவாகிவிடுவதால் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 30ஐ ஒட்டிய வீழ்ச்சி கிடைக்கும். 0.0010க்குக் கீழே போக வேண்டாம், அங்கே அளவீடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

முடிந்ததும் செப்புக் கரைசலைக் கழிவறைத் தொட்டியில் ஊற்றாமல் ஒரு போத்தலில் சேர்த்து வையுங்கள். மீன்களுக்குச் செப்பு அயன் நஞ்சு.

படி 6: பின்னோக்கிக் கணித்தல்

வோல்ற்றளவு தெரிந்தால் தெரியாத செறிவைக் காணலாம். நாகக் கரைசல் 0.10, கலம் 1.065 வோல்ற்று என்றால்:

```
1.10 − 1.065 = 0.035
log([Zn²⁺]/[Cu²⁺]) = 0.035 / 0.0296 = 1.18
[Zn²⁺]/[Cu²⁺] = 15.2
[Cu²⁺] = 0.10 / 15.2 = 0.0066 mol dm⁻³
```

இங்கே 1.10 என்று புத்தக எண்ணைப் போடுவதைவிட, இரண்டு பக்கமும் 0.10 வைத்து உங்கள் மீற்றர் காட்டிய எண்ணையே போடுங்கள். 1 மில்லிவோல்ற்று பிழைத்தாலும் செறிவு 8 வீதம் பிழைக்கும். ஆகவே விடையை இரண்டு பொருளுறு இலக்கங்களுக்கு மேல் எழுதுவதில் பயனில்லை.