பணம் போனதா என்று கேட்பவரிடம் குரங்கைக் காட்டாதீர்கள்

கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றின் பிழைச் செய்திகளைத் திருத்தித் தரும் வேலை ஒருமுறை எனக்கு வந்தது. பணம் அனுப்பும்போது நடுவில் ஏதாவது தடைபட்டால் அந்தச் செயலி காட்டிய திரை இது:

"அச்சச்சோ! 😅 ஏதோ தவறாகிவிட்டது 🙈"

அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான். அதில் எழுத்தே இல்லை, 🔄 மட்டும்.

எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. "பிழை 504" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதைவிட இது கனிவாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த நொடியில் பயனர் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பணம் போய்விட்டதா, இல்லையா? திரை அதற்குப் பதில் சொல்லாமல் வியர்வை வழியச் சிரிக்கிறது. அசடு வழியும் அந்த முகம் செயலியுடையதா, நம்மைப் பார்த்துச் சிரிப்பதா என்பதும் விளங்கவில்லை.

எமோஜியை எடுத்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் மிஞ்சியது "அச்சச்சோ! ஏதோ தவறாகிவிட்டது" என்ற மூன்று சொற்கள்தான். அப்போதுதான் உண்மையான தவறு புலப்பட்டது. சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தை அந்தக் குரங்கு நிரப்பிக்கொண்டிருந்தது. இந்தத் திரை எப்போதெல்லாம் வரும் என்று நிரலாளரிடம் கேட்டேன். மூன்று வேறு நிலைமைகளுக்கு ஒரே திரை என்றார். கோரிக்கை கைபேசியை விட்டே வெளியேறாதது ஒன்று. வங்கி மறுத்துவிட்டது இன்னொன்று. கோரிக்கை போய்விட்டது, பதில்தான் வரவில்லை என்பது மூன்றாவது. பிரித்ததும் வாசகங்கள் தாமாகவே வந்தன:

"இணைய இணைப்பு இல்லை. பணம் அனுப்பப்படவில்லை."

"உங்கள் வங்கி இந்தப் பரிவர்த்தனையை ஏற்கவில்லை. பணம் அனுப்பப்படவில்லை."

"வங்கியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம். நிலை தெரியும்வரை மீண்டும் அனுப்ப வேண்டாம்."

மூன்றாவது செய்தியில் ஒரு 😅 சேர்த்துப் படித்துப் பாருங்கள். உட்காரவே மறுக்கும். செய்தி தெளிவாக இருக்கும்போது எமோஜிக்கு அங்கே வேலை இல்லை. தெளிவற்ற செய்தியில்தான் அது பொருத்தமாக இருப்பதுபோல் தோன்றும், ஏமாந்துவிடக் கூடாது.

பொத்தானில் இருந்த சிக்கல் இதைவிடப் பெரியது. 🔄 என்றால் என்ன? சிலருக்கு அது "புதுப்பி", அதாவது நடந்ததா என்று பார்ப்பது. சிலருக்கு "மீண்டும் முயல்", அதாவது இன்னொரு முறை பணம் அனுப்புவது. நிலையைப் பார்க்க நினைத்து அழுத்தியவர் இரண்டாம் முறை செலுத்திவிட வாய்ப்பு உண்டு. ஒரே கோரிக்கை இருமுறை வந்தால் அடையாளம் கண்டு தடுக்கும் ஏற்பாடு சர்வரில் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். அது இருக்கிறது என்பதற்காகப் பொத்தானைப் புதிராக விட முடியாது. "நிலையைப் பார்" என்றும் "மீண்டும் அனுப்பு" என்றும் இரண்டு பொத்தான்கள் வைத்தோம். இரண்டாவது, பணம் போகவில்லை என்று உறுதியான பிறகுதான் தோன்றும். பொத்தானில் இருக்க வேண்டியது வினைச்சொல். எமோஜி ஒரு பொருளையோ முகத்தையோ காட்டும், என்ன நடக்கப்போகிறது என்று சொல்லாது.

இதே திரையைக் கண் தெரியாத ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் போன்ற திரை வாசிப்பான்கள் எமோஜியைப் படமாகக் கடந்துபோவதில்லை, அதற்குரிய பெயரைச் சொல்லால் வாசிக்கின்றன. 🙈 என்பதன் பெயருக்குத் "தீயதைப் பாராத குரங்கு" என்று பொருள். 🔄 என்பதன் பெயரில் இருப்பது இடஞ்சுழியாகச் சுற்றும் அம்புகள்தான், "முயல்" என்ற சொல்லே இல்லை. ஆக, பணம் என்ன ஆனது என்ற பதற்றத்தில் இருப்பவர் காதில் விழுவது ஒரு குரங்கும் இரண்டு அம்புகளும். வாக்கியத்தின் நடுவே மூன்று நான்கு எமோஜிகளைத் தூவினால் செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தொலைந்துவிடும்.

அலங்காரத்துக்கு ஓர் எமோஜி இருந்தே ஆக வேண்டும் என்றால், வலைப் பக்கத்தில் அதை வாசிப்பானிடமிருந்து மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் விட்டுவைக்கலாம்:

```html
<button>
  <span aria-hidden="true">🗑️</span> வரைவை நீக்கு
</button>
```

இதில் எமோஜியை அழித்தாலும் பொத்தான் அப்படியே வேலை செய்யும். நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: திரையிலுள்ள எல்லா எமோஜிகளையும் நீக்கிவிட்டுப் படிப்பது. ஏதாவது புரியாமல் போனால் அங்கே எமோஜி சொல்லின் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று பொருள்.

வடிவமைப்பாளர்கள் அடிக்கடி மறக்கும் இன்னொன்று, எமோஜி படக்கோப்பு அல்ல என்பது. செயலி அனுப்புவது அதற்குரிய எண்ணை அல்லது எண்களை மட்டும்தான், அதைப் படமாக வரைவது பயனரின் கருவியில் உள்ள எழுத்துரு. 2016இல் ஆப்பிள் துப்பாக்கி எமோஜியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியபோது மற்ற நிறுவனங்களின் கருவிகளில் அது உண்மைத் துப்பாக்கியாகவே இருந்தது. அதே ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே படத்தைப் பார்த்தவர்கள்கூட அது நல்லுணர்வா, தீயுணர்வா, நடுநிலையா என்பதில் ஏறத்தாழ 25 சதவீத நேரம் ஒத்துப்போகவில்லை என்று கண்டறிந்தார்கள். புதிதாக வந்த எமோஜியைப் பழைய கைபேசிக்கு அனுப்பினால் வெறும் கட்டம்தான் தெரியும். பிழைச் செய்தியில் கட்டம் தெரிந்தால், செயலியே உடைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நிறமும் கைக்குள் அடங்காது. அழுத்த முடியாத பொத்தானின் எழுத்துக்குச் சாம்பல் நிறம் கொடுக்கிறோம். எழுத்து மங்கும், பக்கத்திலிருக்கும் 🚀 மட்டும் பளபளவென்று "அழுத்து" என்று அழைத்துக்கொண்டே இருக்கும். சேர்த்து மங்கவைக்க வழி உண்டு, ஆனால் அதைச் செய்ய யாருக்காவது நினைவு வர வேண்டும். ஒரே நிறத்தில் வரைந்த சாதாரணச் சின்னத்தைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எமோஜியே கூடாது என்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். பயனருக்கு இழப்பு எதுவும் இல்லாத, முடிவெடுக்க எதுவும் இல்லாத இடங்களில் அது நன்றாகவே இருக்கும். "புதிய அறிவிப்புகள் இல்லை 🌙" என்ற வெற்றுத் திரை அழகு. தேடல் ஒன்றும் தராதபோது எழுத்துப்பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு 🔍 வைத்தால் யாரும் கோபிக்கப்போவதில்லை. உரையாடல் செயலியில் செய்திக்கு 👍 இடும் பொத்தானில் எமோஜிதான் உள்ளடக்கமே, அங்கே சொல் எழுதுவதுதான் விநோதம். அங்கும் திரை வாசிப்பானுக்கு "விருப்பம் தெரிவி" என்ற பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கட்டணச் செயலியிலும் ஓர் எமோஜி மிஞ்சியது. பணம் போய்ச் சேர்ந்ததும் வரும் திரையில், "பணம் போய்ச் சேர்ந்தது" என்ற வாக்கியத்தின் முடிவில் ஒரு ✅. குரங்கை எடுத்ததற்கு வடிவமைப்பாளர் சில நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.