கடிக்கிற பிள்ளையிடம் நாம் செய்கிற தவறுகள்

காலி மைலோ டின் ஒன்று, மரக்கரண்டி ஒன்று. 22 மாதக் கவின் டின்னை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். அவனைவிட நான்கு மாதம் மூத்த யாழினி வந்து டின்னின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கவின் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் டின்னை அணைத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கால் விரல்கள் பாயை அழுத்தின, தாடை இறுகியது. அடுத்த நொடி அவனுடைய பற்கள் யாழினியின் முழங்கைக்கு மேல் பதிந்திருந்தன.

தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று நான்கு நொடிகள்தான். நான் அடுப்படி வாசலில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே இதைப் பார்த்தேன். பார்த்தும் நகரவில்லை. என் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் சாலையோர வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் அம்மா தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். தாய்மார்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விட, வரிசையாகக் கட்டிய ஏணைகளுக்கு நடுவில் அவர் நிற்பார். கடித்த பிள்ளையின் உதட்டில் மிளகாயைத் தொட்டு வைப்பது அந்தக் காலத்து வைத்தியம். இன்னொன்று, ‘உனக்கும் வலி தெரியட்டும்’ என்று திருப்பிக் கடிப்பது. இரண்டையும் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. மிளகாய் வாயைப் புண்ணாக்கும், வாயைத் துடைத்த கை கண்ணுக்கும் போகும். திருப்பிக் கடித்தால், பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிள்ளை தெரிந்துகொள்ளும். இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தை யாரும் தவறாக நினைப்பதில்லை: கொழுகொழு கையைப் பார்த்ததும் ‘கடிச்சுத் தின்னட்டுமா’ என்று பொய்க்கடி கடித்துச் சிரிக்க வைப்பது. காலையில் தாத்தா கடித்தால் சிரிப்பு, மதியம் யாழினியைக் கடித்தால் அடி. இந்த வேறுபாடு இரண்டு வயதில் புரியாது.

பெற்றோரும் பராமரிப்பாளரும் அதிகம் ஏமாறுவது ‘இவன் நன்றாகப் பேசுகிறானே’ என்ற எண்ணத்தில்தான். கவினின் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். இருவரும் உட்கார்ந்து அவன் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். 31 சொற்கள் வந்தன. பால், பூனை, லோரி, பாட்டி, சப்பாத்து, நிலா என்று 26 சொற்கள் ஆட்களின் பெயரும் பொருள்களின் பெயரும். சண்டைக்குப் பயன்படும் சொல் ஒன்றே ஒன்று, ‘நோ’. அதையும் அவன் சோற்றிடம்தான் சொல்வான். ‘என்னுடையது’, ‘விடு’, ‘தள்ளிப் போ’, ‘இன்னும் முடியவில்லை’ எதுவும் அவனிடம் இல்லை. ஆனால் நாம் இவற்றைச் சொன்னால் அவனுக்குப் புரியும். இந்த வயதில் புரிகிற சொற்கள் பேசுகிற சொற்களைவிடப் பல மடங்கு அதிகம். ‘இவ்வளவு புரிகிறதே, சொன்னால் என்ன’ என்று நமக்குக் கோபம் வருவது இந்த இடைவெளியால்தான்.

தெரிந்த சொல்லும் கோபத்தில் வராது. வந்த ஆசையை அடக்கி, ஒரு நொடி நின்று, சொல்லைத் தேடி எடுக்கும் வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி. அது முதிர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அன்று கவினின் இரண்டு கைகளும் டின்னில் இருந்தன. மிச்சம் இருந்தது வாய்தான். கை காலியாக இருந்திருந்தால் அடித்திருப்பான். நான் பார்த்தவரை அடியும் தள்ளுதலும் பெரும்பாலும் ‘கிட்டே வராதே’ என்பதற்கு வருகின்றன. கடி வருவது நெருக்கத்தில், கையில் உள்ளதைப் பறிக்கும்போது. ஆசை மிஞ்சிக் கட்டிப்பிடித்துக் கடிப்பதும் உண்டு, அதில் பகை இல்லை.

இப்போது அந்தத் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடித்த பிறகு நாம் செய்வதைப் பாருங்கள். ‘ஏன்டா கடிச்சே? அவ உன் அக்கா மாதிரி இல்லையா? நேத்து என்ன சொன்னேன்?’ சொல் கிடைக்காமல் கடித்தவனிடம் மேலும் சொற்களைக் கொட்டிப் பதிலும் கேட்கிறோம். காரணத்தைச் சொல்ல முடிந்திருந்தால் அவன் கடித்திருக்கவே மாட்டான். அடுத்து, கழுத்தைப் பிடித்து ‘சாரி சொல்லு’ என்று நிற்க வைப்பது. அவன் சொல்லிவிடுவான். அது கடித்த பிறகு உச்சரிக்க வேண்டிய ஒரு சத்தம் என்று மட்டும் பதியும். கடித்துவிட்டு உடனே தானாக ‘சாரி’ சொல்லிப் போன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். இருவருக்கும் நடுவில் குனிந்து உட்கார்ந்து, கத்தாமல், சிரிக்காமல், ‘கடிக்கக் கூடாது. வலிக்கும்.’ அவ்வளவுதான். பிறகு முகத்தைத் திருப்ப வேண்டியது கடிபட்ட பிள்ளையின் பக்கம். முதல் கவனம் கடித்தவனுக்கே போனால், கவனம் கிடைக்கக் கடிதான் வழி என்றாகிவிடும். கடிபட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஈரத் துணியை வைத்தால் போதும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் நன்றாகக் கழுவிவிட்டுக் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். யாழினியின் அழுகை அடங்கிய பிறகுதான் கவினிடம் போனேன். டின்னைக் காட்டி, அவன் குரலாக நான் சொன்னேன்: ‘என் டின்.’

மறுநாளே அவன் சொல்லிவிடவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொன்று வந்தது. வேண்டாம் என்பதற்கு உள்ளங்கையை முன்னே நீட்டச் சொல்லிக்கொடுத்திருந்தேன். யாழினி வந்தபோது அவன் கையை நீட்டி ‘ணாம்’ என்றான். நான் அப்போது தொலைபேசியில் இருந்தேன். யாழினி டின்னைப் பறித்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் கடித்துவிட்டான்.

இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பல் எப்போதும் வேலை செய்கிறது. கடித்த நொடியில் எதிராளி விட்டுவிடுகிறாள். நாம் சொல்லிக்கொடுத்த சொல்லும் அதே வேகத்தில் பலித்தால்தான் பிள்ளை பல்லை விட்டுச் சொல்லுக்கு மாறும். ‘ணாம்’ என்று அரைகுறையாக வந்தாலும், கையை மட்டும் நீட்டினாலும், பெரியவர் ஒருவர் அங்கே எழுந்து போய் அதைச் செல்ல வைக்க வேண்டும். ‘கவின் வேண்டாம் என்கிறான். அவன் தட்டி முடித்ததும் யாழினிக்கு.’ இப்படிச் சொல்லிவிட்டு யாழினிக்கு இன்னொரு டின்னைக் கொடுக்க வேண்டும். இந்த வயதில் ‘பகிர்ந்து விளையாடு’ என்பது பெரியவர்களின் ஆசைதான். ஒரே மாதிரிப் பொருள் இரண்டு இருப்பதுதான் நடைமுறை.

எழுந்து போக ஆள் வேண்டும் என்பது உண்மை. பராமரிப்பு மையத்தில் விடுகிறவர்கள் தலைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது இங்கே விதி. பத்துப் பேரை ஒருவர் பார்த்தால் அந்த மூன்று நொடியை யாராலும் பிடிக்க முடியாது.

எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதிலும் நாங்கள் தடுமாறினோம். கவினின் அம்மா ‘நோ’ என்பார், பாட்டி ‘சீ’ என்பார், நான் ‘வேண்டாம்’, பக்கத்து மலாய் வீட்டில் ‘ஜாங்ஙான்’. உறவினர் ஒருவர், ‘மூன்று மொழி கலந்ததால்தான் பேச்சு வரவில்லை, தமிழை நிறுத்துங்கள்’ என்று யோசனை சொன்னார். அது தவறான யோசனை. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தடைபடாது. அப்படி வளரும் பிள்ளையின் சொற்களை எண்ணும்போது எல்லா மொழியிலும் உள்ளதைச் சேர்த்து எண்ண வேண்டும். சண்டை நேரத்துச் சொல்லை மட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டோம். எல்லாரும் ‘வேண்டாம்’, எல்லாரும் அதே உள்ளங்கை.

அடுப்படிக் கதவின் பின்னால் தொங்கும் நாள்காட்டியில் ஒவ்வொரு கடிக்கும் நேரத்தையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும் குறித்து வந்தேன். எட்டு நாளில் ஆறு கடி. அதில் நான்கு காலை 11.15 முதல் 11.45க்குள். அவன் காலையில் சாப்பிடுவது 6.30 மணிக்கு, நான் சோறு போடுவது 12 மணிக்கு. ஆறில் ஐந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள குறுகலான மூலையில். ‘இவன் முரடன்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் பசியும் இடநெருக்கடியும்தான். 10.15க்கு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தேன், சோற்றை 11.15க்கு மாற்றினேன், டின்களை வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். பின் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் 23 மாதத்துக்குப் பிறகு முளைப்பவை, ஆனால் அவனுக்கு அப்போதே ஈறு வீங்கியிருந்தது. குளிரவைத்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு கடி. பிறகு ஒரு மாதம் இல்லை. அதற்குப் பின் ஒரு நாள் கடித்தான், அன்று மாலை காய்ச்சல்.

யாழினியின் அம்மாவிடம் நான் முதல் நாள் மழுப்பினேன். ‘விளையாடும்போது பட்டுவிட்டது’ என்றேன். குளிப்பாட்டும்போது பல்வரிசை தெரிந்திருக்கிறது, மறுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடந்ததையும் நேரத்தையும் கழுவியதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். யார் கடித்தது என்ற பெயரைச் சொல்லத் தேவையில்லை. மூன்றே பிள்ளைகள் உள்ள வீட்டில் அது தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

எல்லாக் கடியும் இப்படித் தீர்ந்துவிடாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பேசிய சொற்களை இழந்த பிள்ளை, தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளை, மூன்று வயது தாண்டியும் அடிக்கடி கடிக்கும் பிள்ளை இவர்களுக்கு நாள்காட்டி போதாது. அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால் சரியாகக் கேட்காது, கேட்காத சொல் வாயில் வராது. காதையும் சோதிக்கக் கேளுங்கள். போகும்போது சொற்பட்டியலையும் கடித்த நேரங்களின் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அந்த இரண்டும் உதவும்.